"பிளாக் மாஸ்": தமிழில் என்ன சொல்லலாம்?

துஷ்யந்தி, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு ஒரு சின்னக் கருத்தரங்கு. பழைய இலித்தியம் அயன் பற்றரிகளிலிருந்து உலோகங்களை மீட்பது பற்றி நான் பேச வேண்டும். உரை முக்கால்வாசி எழுதியாயிற்று, ஒரு சொல்லில் நிற்கிறேன்.

பற்றரியில் மிஞ்சிய மின்னை இறக்கி, தீப்பிடிக்காமலிருக்க நைதரசன் வாயுவுக்குள் நொறுக்கி, உலர்த்திச் சலித்தால், தகட்டுத் துண்டுகள் அரிதட்டில் தங்கும். கீழே கறுப்பாக ஒன்று விழும். அதைத்தான் பிளாக் மாஸ் என்கிறார்கள். "கருந்திணிவு" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் இடறுகிறது.

ரிஷாட், மருதானை

கருந்திணிவில் என்ன பிழை அக்கா? மாஸ் என்றால் திணிவு, பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படித்தோம். போன் திருத்தும் கடையில் இருக்கிறேன், ஊதிப்போன பற்றரி தினமும் வரும். என்னைக் கேட்டால் நொறுக்கவே தேவையில்லை. அப்படியே உலையில் போட்டு உருக்கினால் உலோகம் எல்லாம் அடியில் இறங்கிவிடும்.

செல்வராணி, தெஹிவளை

எனது ஹைபிரிட் காரின் பற்றரியைப் போன வருடம் மாற்றினோம். பழையது வீட்டுப் பின்புறத்தில் கிடக்கிறது. அதிலிருந்தும் இந்தக் கருந்திணிவு எடுக்கலாமா? யாராவது வாங்குவார்களா?

நடேசன், பம்பலப்பிட்டி

செல்வராணி, முதலில் பற்றரியின் லேபலைப் பாருங்கள். பழைய ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இருப்பது நிக்கல் உலோக ஐதரைட்டு. அதில் இலித்தியம் கிடையாது, மீட்கும் வழியும் வேறு. பிள்ளைகளைக் கொண்டு மட்டும் கழற்ற வேண்டாம், அதில் மின் மிஞ்சியிருக்கும்.

ரிஷாட் தம்பி சொன்னது பாதி சரி. உலையில் கோபாற்று, நிக்கல், செம்பு மூன்றும் ஒரே கலப்புலோகமாக அடியில் சேரும். இலித்தியமும் அலுமினியமும் மேலே மிதக்கும் கசடுக்குள் போய்விடும். கிரபைற்று எனும் காரீயம் எரிந்தே போகும். கசடிலிருந்து இலித்தியத்தை எடுக்கலாம், ஆனால் அது இன்னொரு வேலை, இன்னொரு செலவு.

இனிச் சொல்லுக்கு வருவோம். திணிவு என்பது கிலோகிராமில் அளக்கும் கணியம். இங்கே மாஸ் என்பது குவிந்து கிடக்கும் பண்டம். "கருநிறை" என்றாலும் சிக்கல்தான்: தமிழ்நாட்டில் திணிவை நிறை என்பார்கள், இங்கே நிறை என்றால் நியூட்டனில் சொல்வது.

துஷ்யந்தி

அப்போ "கருந்தூள்" போதுமா சேர்?

நடேசன்

எனக்கு அதுவும் போதாது, மகள். தூள் என்றால் ஒரே பொருள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். 100 கிராம் எடுங்கள். அதில் 60 கிராம் கதோட்டு ஒட்சைட்டு, நிக்கலும் மங்கனீசும் கோபாற்றும் சம பங்கில் உள்ள வகை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் கோபாற்று ஏறக்குறைய 12 கிராம், நிக்கலும் அவ்வளவே, இலித்தியம் 4 கிராமுக்குச் சற்று மேல். மீதி 40 கிராமில் பெரும்பகுதி காரீயம். அதோடு செம்பும் அலுமினியமும் துணுக்குகளாக.

தொல்லை அந்தத் துணுக்கில்தான். ஒட்சைட்டு அலுமினியத் தகட்டில் பசையால் ஒட்டியிருக்கிறது. அது கழன்று வர இன்னும் நொறுக்கினால், தகடும் பொடியாகி அரிதட்டுக்குக் கீழே வந்துவிடும். பிறகு சல்பூரிக் அமிலத்தில் ஐதரசன் பேரொட்சைட்டுச் சேர்த்துக் கரைக்கும்போது கோபாற்றோடு அலுமினியமும் கரையும். அதை நீக்கக் காரம் விட்டு pH 5 வரை ஏற்றுவோம். அலுமினியம் ஐதரொட்சைட்டாக இறங்கும், ஆனால் மணலைப் போல அல்ல, ஜெலி போல. வடிதாள் அடைத்து, நீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஆய்வுகூடத்தில் ஒரு பகல் முழுதும் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். வெள்ளையாக இருக்க வேண்டிய அந்தப் படிவு கழுவக் கழுவப் பச்சையாகவே இருந்தால், நிக்கல் உள்ளே சிக்கிவிட்டது என்று அர்த்தம். கரைசலைச் சூடாக வைத்துக் காரத்தை மெல்ல மெல்ல விட்டால் படிவு கொஞ்சம் இறுகி வரும், இழப்புக் குறையும். முழுவதும் நிற்காது.

இத்தனை பொருள் கலந்தது என்பதே அந்தப் பண்டத்தின் குணம். ஆகவே "கருங்கலவை" என்பேன்.

ரிஷாட்

சேர், உலை விஷயம் விளங்கியது. ஆனால் கருங்கலவை என்றால் எங்கள் கடைப் பக்கம் தாரும் கல்லும் கலந்து றோட்டுக்குப் போடுவதைத்தான் நினைப்பார்கள். கலவை என்றாலே சீமெந்துதான்.

துஷ்யந்தி

அதுவும் உண்மைதான். இப்போதைக்கு உரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சலித்தபின் கிடைக்கும் பற்றரிக் கருங்கலவையில் நமக்கு வேண்டிய கோபாற்றும் இருக்கிறது, அதைப் பிரிக்கவிடாத அலுமினியமும் இருக்கிறது." முன்னால் "பற்றரி" வந்தால் றோட்டு ஞாபகம் வராது என்று நினைக்கிறேன். "கருந்திரள்" என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருக்கிறார். சேர், அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

நடேசன்

ஓசை நன்றாக இருக்கிறது. திரள் என்றால் உருண்டு கட்டியானது போலவும் கேட்கிறது. வெள்ளிக்கிழமை வரை யோசிக்க விடுங்கள்.