புதுப்பிப்பு: ஐந்தாம் படிவத்துக்குக் கிளவுட், நூலக உவமையோடு

"புத்தக இரவலை வைத்துக் கிளவுட் கம்ப்யூட்டிங்கை விளக்கினால் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குப் புரியுமா?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

பாடம் முடிந்தது. பிடோர் பக்கத் தோட்டப் பிள்ளைகள்தான். இங்கே சர்வர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சொன்னபடி, இரவலை விட்டுவிட்டு நூலகத்தின் வாசிப்பு மேசையையும் லாக்கரையும் எடுத்துக்கொண்டேன். மேசை வாடகைக்கு எடுக்கும் கணினி, மணிக்கு 2 ரிங்கிட். லாக்கர் சேமிப்பிடம், நாளுக்கு 1 ரிங்கிட். விலை நான் போட்டது.

3 மணி நேரம் படித்தால் 6 ரிங்கிட், சரி. மேசைச் சாவியைத் திருப்பித் தராமல் வீட்டுக்குப் போய் மறுநாள் காலை வந்தால்? இன்னொரு 14 மணி நேரம், 28 ரிங்கிட். மேசையில் யாரும் இல்லையே சார் என்று ஒரே சத்தம்.

"கணினியை நிறுத்திட்டா காசும் நின்னுடும்" என்றான் ஒருவன். பாதி சரி. மேசைக் காசு நிற்கும், ஆனால் டிஸ்க்கை அழிக்கும்வரை லாக்கர் வாடகை ஓடும். இன்னொருத்தி, "என் போன்ல படம் நிறைஞ்சிடுச்சு, லாக்கர் கிடைக்குமா?" என்றாள்.

ஒரே சர்வரைப் பலர் பகிர்வதைக் காட்ட, மேசைக்குத் தடுப்பு வைக்கலாம் என்கிறார் அண்ணன். பக்கத்து ஆள் சர்வரை அதிகம் இழுத்தால் நம் வேகம் குறைவதை அதில் எப்படிக் காட்டுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.