அந்தக் குதிரைக் காசில் இருப்பது ஒரு பைசாவா, மூன்று பைசாவா?

காவேரிக்கரை:
கும்பகோணத்தில் இருக்கும் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். போன வாரம் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, கடையின் 1955ஆம் ஆண்டுக் கணக்கு நோட்டும் சுருக்குப் பையில் ஒரு செப்புக் காசும் கிடைத்தன. காசில் குதிரை ஓடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஒன் பைஸ்’ என்றும், இந்தியில் ‘ஏக் பைசா’ என்றும் எழுதியிருக்கிறது.

“பாட்டி, ஒரு பைசாக் காசு!” என்றேன்.

“ஒரு பைசாவா? இது காலணா. மூன்று பைசா” என்றார்.

“இந்தியில் ‘ஒரு பைசா’ என்று தெளிவாக இருக்கிறதே?”

“அவன் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தவள் நான்.”

பாட்டிக்கு வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று நினைத்தேன். நோட்டைப் பிரித்தோம். ரூ., அ., பை. என்று மூன்று கட்டங்கள். ஒருவர் கணக்கு இது: புளி 0-3-6, நல்லெண்ணெய் 0-10-9, வெல்லம் 0-2-3. கூட்டுத்தொகை 1-0-6.

காசில் உள்ளபடி பார்த்தேன். நான்கு பைசா ஓர் அணா என்றால் கடைசிக் கட்டத்தின் 18 பைசா நாலரை அணா ஆகிவிடும். மொத்தம் 1-3-2 வர வேண்டும். வரவில்லை. பாட்டி கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே வந்தார். விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. “கை நிறைந்தால் ஓர் அணா. பதினெட்டில் பன்னிரண்டு போக மீதி ஆறு. மேலே மூன்றும் பத்தும் இரண்டும் இந்த ஒன்றும் பதினாறு. பதினாறு அணா ஒரு ரூபாய்.” சரியாக 1-0-6!

நோட்டு முழுக்கப் புரட்டினேன். கடைசிக் கட்டத்தில் 3, 6, 9 தவிர வேறு எண்ணே இல்லை. பாட்டி சொன்னது சரி. ஆனால் காசும் பொய் சொல்லாதே? அதுதான் புரியவில்லை.

செப்புக்காசு:
உங்கள் பாட்டி மறந்திருக்கிறார். 1950இல் வந்த குதிரைக் காசு அது. ஒரு ரூபாய்க்கு 64. அரசே ‘ஒரு பைசா’ என்று அச்சடித்த பிறகு மூன்று எப்படி ஆகும்?

ஓய்வுபெற்ற அஞ்சல்காரர்:
ரூபாய்க்கு 64 என்பது சரி, முடிவு தவறு. வடக்கே பைசா என்றால் அணாவில் கால் பங்கு. காசில் இருப்பது அந்தப் பேச்சு. நம் பக்கத்துக் கணக்கில் அதே பைசா அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ரூபாய்க்கு 192. கட்டத் தலைப்பில் உள்ள ‘பை’ அதுதான். தம்பிடி என்றும் சொல்வோம். தம்பிடிக் காசு அச்சடிப்பது முன்பே நின்றுவிட்டது. அதனால் 1955இல் கையில் புழங்கிய மிகச் சிறிய காசு காலணாதான். நோட்டில் 3, 6, 9 மட்டும் வருவதற்குக் காரணம் அதுவே.

இன்றைய பைசா மூன்றாவது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாயை நூறாகப் பிரித்தார்கள். குழப்பம் வேண்டாம் என்று நயா பைசா என்று பெயரிட்டார்கள். 1964இல் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள், மூன்றுக்கும் ஒரே பெயர் ஆனது.

மிட்டாய்ப் பல்:
நயா பைசா வந்த புதிதில் நான் சிறுவன். காலணாவுக்குக் கணக்குப்படி ஒன்றரைக்குச் சற்று மேல். முழுதாக்கி இரண்டு நயா பைசா என்றார்கள். ஓர் அணாவுக்கு ஆறு. நான்கு காலணாவை ஒன்றாகக் கொடுத்தால் ஆறு பைசா மிட்டாய். ஒவ்வொன்றாக நான்கு தடவை போய்க் கொடுத்தால் எட்டு! கடைக்காரர் இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிட்டார்.

சேலம் சரவணா:
என்னிடமும் அந்தக் குதிரைக் காசு இரண்டு இருக்கின்றன. என்ன விலைக்குப் போகும்?

காவேரிக்கரை:
விலை எனக்குத் தெரியாது, சரவணா. எங்கள் காசை விற்பதாக இல்லை.

அஞ்சல்காரர் ஐயா எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். தம்பிடி என்றதும் முகம் மலர்ந்தது. “ஆமாம், என் அம்மா தம்பிடி என்றுதான் சொல்வாள்.” நயா பைசா வந்த அன்று அவருடைய அப்பா கடைச் சுவரில் அணாவுக்கு எத்தனை பைசா என்று கரியால் எழுதி வைத்ததையும் சொன்னார்.

பிறகு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். “அம்மா துட்டு என்றும் சொல்வாளே, அது எத்தனை பைசா? இதே காலணாவா, வேறா?” கணுக்களை எண்ணிப் பார்த்தார், பிடிபடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.