வேலூர் வீட்டு வாடகை தாமதமாகிறது, டொராண்டோவிலிருந்து எப்படிக் கேட்பது?

கேட்பவர், டொராண்டோ:
சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்பவர் குடும்பத்துடன் இருக்கிறார். வாடகை 14,000 ரூபாய். 5ஆம் தேதிக்குள் தருவதாகப் பேச்சு. அப்பா அங்கே இருந்தவரை மாடிப்படி இறங்கிப் போய் வாங்கிக்கொள்வார். அவரும் இங்கே வந்துவிட்டார். இப்போது 12, 15 என்று தள்ளிப்போகிறது. வீட்டைத் தன் வீடுபோல் வைத்திருக்கும் மனிதர். மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

லண்டன்வாசி:
எனக்கும் இதே தொல்லைதான். சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது. வீட்டுக்காரர் 1ஆம் தேதியே கேட்கிறார்.

கேட்பவர்:
நான் வீட்டுக்காரன் பக்கம், ஐயா!

துபாய், சொந்த ஊர் குடியாத்தம்:
எதற்குக் கேட்க வேண்டும்? அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், காட்பாடியில் இரண்டு வீடு வைத்திருப்பவர்:
கழிக்கலாம்தான். ஆனால் காலி செய்யும்போது மின்கட்டண பாக்கிக்கும் வெள்ளையடிக்கவும் கையில் எதுவும் இருக்காது. அட்வான்ஸைப் பற்றிய பேச்சை முதல் செய்தியில் எடுக்கவே வேண்டாம். காலி செய்யச் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

முதலில் உங்கள் பக்கம் பாருங்கள். வெளிநாடு போனபின் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருப்பீர்கள். சில வங்கிகளில் அப்போது கணக்கு எண்ணே மாறிவிடும். அவர் பழைய எண்ணுக்கு அனுப்பிப் பணம் திரும்பியிருக்கலாம்.

அது சரியாக இருந்தால் 7ஆம் தேதி வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "வணக்கம் சார். இந்த மாத வாடகை ரூ.14,000 இன்னும் கணக்கில் வரவில்லை. அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள், வங்கியில் கேட்கிறேன். இல்லையென்றால் எந்தத் தேதி வசதிப்படும் என்று சொன்னால் போதும்." பழைய தாமதங்களை அடுக்காதீர்கள். தேதியை அவர் வாயாலேயே சொல்லவைப்பதுதான் இதில் முக்கியம்.

நேரத்தையும் கவனியுங்கள். கோடையில் உங்களுக்கு இரவு 9 மணி என்றால் அங்கே விடியற்காலை 6:30. வாடகைச் செய்தியில் யாரையும் கண்விழிக்க வைக்காதீர்கள். சித்தப்பாவை அனுப்பிக் கேட்பதும் வேண்டாம். வாசலில் நின்று கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

கேட்பவர்:
அனுப்பினேன். கணக்கில் கோளாறு இல்லை. வேலை மாறியதிலிருந்து சம்பளம் 10ஆம் தேதிதான் வருகிறதாம், சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்.

சிங்கப்பூர்:
அப்படியென்றால் மாதாமாதம் நினைவூட்டுவதே வீண் வேலை. கெடுவை 12ஆம் தேதிக்கு மாற்றி, இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதிலும் சேர்த்துவிடுங்கள்.

துபாய்:
இன்றைக்கு 12 என்பீர்கள், நாளைக்கு 20 ஆகும். பாருங்கள்.

கேட்பவர்:
அப்பாவும் அதையேதான் சொல்கிறார். ஆறு மாதத்துக்கு மட்டும் 12 என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன்.