காசுப் பாய்ச்சல் கூற்று 180ஆல் பொருந்தவில்லை, எங்கே பார்ப்பது?

பரந்தன் பொடியன்:
கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலையின் கணக்கு. கையில் இருப்பது இரண்டு வருட ஐந்தொகையும் தேறிய இலாபம் 500உம்தான். எல்லாம் ஆயிரம் ரூபாயில், வரியை விட்டுவிடுங்கள். திரண்ட பெறுமானத் தேய்வு 600இலிருந்து 700 ஆனதால் இலாபத்தோடு 100 கூட்டினேன். நெல் இருப்பு ஏறியதற்கு 120 கழித்தேன். கடன்பட்டோர் குறைந்ததற்கு 40, கடன்கொடுத்தோர் கூடியதற்கு 60 கூட்ட, 580 வந்தது. இயந்திரக் கிரயம் 2,000இலிருந்து 2,600, ஆகவே கொள்வனவு 600. பழைய நெல் குற்றும் மெசினை விற்ற காசு 180. வங்கிக் கடன் 200 கூடியிருக்கிறது, முதலாளி எடுத்தது 100. மொத்தம் 260 வருகிறது. காசோ 80தான் கூடியிருக்கிறது. மண்டை காய்கிறது.

வவுனியா கணக்கன்:
வித்தியாசம் 180, மெசின் விற்ற காசும் 180. அது இலாபத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் இன்னொரு தடவை போட்டுவிட்டீர்கள். எடுத்துவிடுங்கள்.

பரந்தன் பொடியன்:
எடுத்தேன், அச்சொட்டாக 80! நன்றி அண்ணா.

முல்லைத்தீவு ரீச்சர்:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அடித்தொகை பொருந்திவிட்டது, ஆனால் உள்ளே இருப்பது பிழை. இலாபத்துக்குள் இருப்பது 180 இல்லை, விற்றதில் வந்த இலாபம் மட்டும்தான். அந்த மெசினின் கிரயமும் தேய்வும் சொத்துப் பதிவேட்டில் என்ன போட்டிருக்கிறது?

பரந்தன் பொடியன்:
கிரயம் 400, விற்கும்வரை தேய்வு 250.

முல்லைத்தீவு ரீச்சர்:
அப்போ ஏட்டுப் பெறுமதி 150, விற்றது 180க்கு, இலாபம் 30. இனி இரண்டு கணக்கைத் திறவுங்கள். தேய்வுக் கணக்கில் 600 இருந்தது, விற்ற மெசினோடு 250 வெளியே போய்விட்டது. முடிவில் 700 நிற்க வேண்டுமென்றால் இந்த வருடத் தேய்வு 350, உங்கள் 100 இல்லை. கிரயக் கணக்கிலும் அப்படித்தான்: 400 போன பிறகும் 2,600 நிற்கிறது என்றால் வாங்கியது 1,000.

```
தொழிற்பாடு: 500 + 350 − 30 − 120 + 40 + 60 = 800
முதலீடு:    180 − 1,000 = −820
நிதியிடல்:  200 − 100 = 100
மொத்தம்:    80
```

180ஐ எடுத்தபோதும் 80 வந்ததற்குக் காரணம், ஐந்தொகை வித்தியாசங்களை அப்படியே போட்டால் அது எப்போதும் பொருந்தும். தொழிற்பாட்டில் 220 குறைந்ததை முதலீட்டுப் பக்கம் மறைத்துவிட்டது. கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது தொழிற்பாட்டுக் காசைத்தான். 800 இருக்கிற ஆலைக்கு 580 காட்டுவீர்களா?

வவுனியா கணக்கன்:
30 மட்டும்தானா உள்ளே... சரிதான். வருமானக் கூற்று கையில் இருந்தால் தேய்வை அதிலிருந்தே எடுக்கலாமே?

முல்லைத்தீவு ரீச்சர்:
எடுக்கலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் எழுதாமல் விட்ட விற்பனை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

மாங்குளம் உழவன்:
நான் ட்ரக்டரை லீசிங்கில் எடுத்தேன். முழு விலையையும் முதலீட்டில் போடச் சொல்கிறார்கள், என் கையால் போனது முற்பணம் மட்டும்தானே?

முல்லைத்தீவு ரீச்சர்:
உங்கள் கேள்வி வேறு, ஆனாலும் நீங்கள் சொல்வதுதான் சரி. காசு அசையாத பகுதி கூற்றுக்குள் வராது, குறிப்பில் எழுதினால் போதும். பிறகு கட்டும் தவணையில் வட்டி நீங்கலான முதல் நிதியிடலுக்குப் போகும். தம்பி, அந்த வங்கிக் கடன் 200உம் ஆலையின் கணக்குக்குள் வந்ததா, நேரே புது மெசினை உங்களுக்கு விற்றவருக்குப் போனதா?

பரந்தன் பொடியன்:
தெரியாது ரீச்சர். முதலாளியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.