ரிவர்ஸ் பண்ணிட்டு ஷிஃப்ட்டும் பண்ற கோடிங் கணக்கு, டிகோட்ல ரெண்டு எழுத்து இடிக்குது

பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிறேன், வெறும் +3 ஷிஃப்ட் ஈஸியா வருது, ரிவர்ஸ்லயும் A-க்கு Z, எண்ணைக் கூட்டினா 27 வரணும்னு செக் பண்ணிக்கிறேன். ரெண்டும் சேர்ந்து வந்தாதான் மாட்டிக்கிறேன்.

DOG-அ ரிவர்ஸ் பண்ணா WLT, அதுல +1 போட்டா XMU. இதை டிகோட் பண்றப்போ முதல்ல ரிவர்ஸ் பண்ணி CNF எடுத்து -1 போட்டேன், BME வருது, எல்லா எழுத்தும் சரியா ரெண்டு பின்னாடி இருக்கு. ஆனா முதல்ல -1, அப்புறம் ரிவர்ஸ்னா DOG கரெக்டா வந்துடுது.

ஒண்ணுதானே கழிச்சேன், ரெண்டு எப்படி குறையுது? இன்னொண்ணு, D-யும் X-உம் கூட்டினா 28, O-M, G-U எல்லாமே 28, ஆனா A-க்கு கோடு A-யே வருது, கூட்டினா 2தான், இது ஏன்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க ப்ளீஸ்.