கட்-ஆஃப் 2.15: வாய்மொழித் தேர்வில் நான் விழித்த கதை

பாளை முதுகலை மாணவி
தொப்புள்கொடி ரத்தத்தின் பிலிரூபினை வைத்து, பின்னால் மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்படும் குழந்தையைப் பிறந்த அன்றே கண்டுபிடிக்க முடியுமா என்பது என் ஆய்வேடு. 200 குழந்தைகள், 20 பேருக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்பட்டது. பிலிரூபின் எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று கோடு போடும் கட்-ஆஃபைத் தேடியபோது, ஆர்ஓசி வளைகோட்டில் யூடன் குறியீடு உச்சத்துக்குப் போன இடம் 2.15. "யூடன் குறியீடு அதிகம் என்பதால் 2.15 தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வெளித்தேர்வாளர் அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டார். "உங்கள் ஆய்வகம் எப்போதாவது 2.15 என்று அறிக்கை கொடுத்திருக்கிறதா?" கொடுத்ததில்லை. அங்கே ஒரு தசமம்தான். 2.1க்கும் 2.2க்கும் நடுப்புள்ளியை SPSS மென்பொருள் தானாகப் போட்டிருக்கிறது. அடுத்து, "தவறிய ஐந்து பேர் யார்?" என்றார். 20 பேரில் 15 பேர்தான் பிடிபட்டிருந்தார்கள். மாஸ்டர் சார்ட்டைப் புரட்டினேன். ஒரு வரியில் 2.0. களக்காட்டுப் பக்கத்துக் குழந்தை. அதன் ஆச்சி தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பேத்தியின் மூக்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்பார். ஆய்வுக்காக எல்லாரையும் மூன்று நாள் வைத்திருந்ததால் அந்தக் குழந்தை தப்பியது. என் கட்-ஆஃபை நம்பியிருந்தால் இரண்டாம் நாளே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேன். அந்த வரியில் வைத்த விரலை எடுக்கவே முடியவில்லை.

அம்பை மருத்துவர்
இதற்கா இவ்வளவு கலக்கம்? 2.15க்குக் கீழே இருந்தவர்கள் 158 பேர், அவர்களில் 153 பேருக்கு ஒன்றும் வரவில்லை. கிட்டத்தட்ட 97 சதவீதம். என் ஆய்வேட்டில் இதைத்தான் எழுதினேன், யாரும் கேள்வி கேட்கவில்லை.

தென்காசி அப்பா
கட்-ஆஃப் என்று பார்த்ததும் பொறியியல் சேர்க்கை என்று நினைத்து உள்ளே வந்தேன். மகளுக்கு 178. மன்னிக்கவும், தொடருங்கள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்
அம்பை மருத்துவரே, யாரும் கேட்கவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். சோதனையே செய்யாமல் 200 பேரையும் அனுப்பியிருந்தால்கூட 90 சதவீதம் சரியாக இருந்திருக்கும், ஏனென்றால் நோய் 20 பேருக்குத்தான். அந்த 97இல் 90 சும்மா கிடைத்தது.

என்னிடமும் ஒரு மாணவர் இப்படித்தான் வந்து மாட்டினார், அதை விடுங்கள். யூடன் குறியீடு, நோய் வருபவரைப் பிடிக்கும் சென்சிடிவிட்டியையும் வராதவரைச் சரியாக விடுவிக்கும் ஸ்பெசிபிசிட்டியையும் ஒரே தராசில் சம எடையாக வைக்கிறது. 2.15இல் 75, 85. கூட்டினால் 160. 1.85இல் 95, 60. கூட்டினால் 155. ஆகவே அது 2.15 என்கிறது. ஆனால் 1.85இல் தவறுவது ஒரு குழந்தைதான். கூடுதலாக நான்கு குழந்தைகளைப் பிடிக்க, தேவையில்லாமல் 45 பேரை நிறுத்திவைக்கிறீர்கள். ஒன்றுக்குப் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலை சரியா என்பதற்கு வளைகோட்டில் பதில் இல்லை. அதைத்தான் நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். வளைகோட்டின் கீழ்ப்பரப்பு 0.85 என்றோ 0.9 என்றோ எழுதுவது இதற்குப் பதிலாகாது. அது எல்லாக் கட்-ஆஃப்களையும் சேர்த்துச் சொல்லும் எண்.

இன்னொன்று. 20 பேரில் 19 என்பதைப் பெரிதாக நம்பாதீர்கள். நம்பக இடைவெளி 75இல் தொடங்கி 100ஐத் தொடும். அதோடு, எந்தத் தரவில் கட்-ஆஃபைத் தேடினீர்களோ அதிலேயே அளந்தால் எண் கொஞ்சம் அழகாகத்தான் வரும். புதுக் குழந்தைகளிடம் இறங்கும்.

பாளை முதுகலை மாணவி
திருத்தியபோது இப்படி எழுதினேன்: "இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கவே இந்தச் சோதனை. ஒரு நாள் கூடுதலாக வைத்திருப்பதைவிடத் தவறவிடுவது கேடு. எனவே சென்சிடிவிட்டி 95க்குக் குறையாத அளவுகளில் ஸ்பெசிபிசிட்டி அதிகமான 1.9 தேர்ந்தெடுக்கப்பட்டது. 1.9உம் அதற்கு மேலும் இருந்தால் நிறுத்திவைக்கலாம்." ஆய்வகம் ஒரு தசமம்தான் தருவதால் 1.85ஐ 1.9 என்று எழுதினேன். யூடன் தந்த எண்ணையும் பக்கத்திலேயே கொடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்
அந்த 95 எப்போது முடிவானது? வளைகோட்டைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

பாளை முதுகலை மாணவி
பின்புதான் ஐயா. அதையும் குறைபாடுகள் பகுதியில் சேர்த்திருக்கிறேன். மறைத்தால் இன்னொரு பென்சில் கோடு விழும்.

பிரசவ வார்டு செவிலியர்
உங்கள் கணக்கெல்லாம் சரி. 2.15 என்றால் 42 பேரை நிறுத்த வேண்டும், 1.85 என்றால் 91 பேரை. நான் வேலை பார்த்த வார்டில் தாய்மார்களுக்குக் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தோம். அடுத்த பிரசவக்காரி வந்து நிற்பாள். ஒரு நாள்தானே என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரு நாள் யாருடைய பாயில் என்று உங்கள் ஆய்வேட்டில் எங்கே இருக்கிறது?

அம்பை மருத்துவர்
இதற்குத்தான் நான் 2.15 என்றேன்.

பிரசவ வார்டு செவிலியர்
நான் அப்படிச் சொல்லவில்லை டாக்டர். அந்த ஆச்சியிடம் போய் நீங்கள் சொல்வீர்களா?