காபியை விட்டு டீக்கு மாறினேன், தூக்கம் இன்னும் மோசமானது ஏன்?

நிலவன்: சாயங்காலம் 7 மணிக்கு ஒரு காபி குடிப்பது பழக்கம். தூக்கம் சரியில்லை என்று மூன்று வாரமாக அதே நேரத்தில் இரண்டு கப் டீ குடிக்கிறேன். 12 மணிக்குப் படுத்தால் 2 மணி வரை புரள்கிறேன். காபியைவிட டீயில் காஃபீன் குறைவு என்கிறார்களே, அது உண்மைதானா?

குமரன்: உண்மை இல்லை நண்பரே. காய்ந்த தேயிலையில் 3 சதவீதம் வரை காஃபீன் இருக்கிறது. வறுத்த அரபிகா காபிக்கொட்டையில் 1.2 சதவீதம்தான். இரண்டு மடங்குக்கு மேல். அதனால் டீதான் மோசம், இதில் விவாதத்துக்கே இடமில்லை.

செல்வி: குமரன் சொன்ன சதவீதம் சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. நாம் இலையைச் சாப்பிடுவதில்லையே! ஒரு கப் டீக்கு 2 கிராம் தூள் போடுகிறோம், ஒரு கப் காபிக்கு 8, 10 கிராம். 2 கிராமில் 3 சதவீதம் என்றால் 60 மில்லிகிராம். அதிலும் ஒரு பங்கு சக்கையிலேயே தங்கிவிடும், கோப்பைக்கு வருவது 40, 45. காபியில் 10 கிராமுக்கு 120, வடிகட்டிய பிறகு 100 பக்கம் தேறும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கோப்பைக்குக் கோப்பை வைத்தால் டீ காபியில் பாதிதான். நிலவனின் தூக்கம் வேறு காரணத்தால் கெட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மணிமாறன்: டீயில் இருப்பது காஃபீனே கிடையாதுங்க. அது தெயின், வேறு பொருள். உடம்பில் மெதுவாக வேலை செய்யும்.

செல்வி: இல்லைங்க. ரூங்கே 1819இல் காபிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையிலிருந்து எடுத்தவர்கள் அது தனிப் பொருள் என்று நினைத்துத் தெயின் எனப் பெயர் வைத்தார்கள். 1838இல் இரண்டும் ஒன்றே என்று நிரூபணமாகிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீ மென்மையாகத் தெரிவதற்கு முதல் காரணம் அளவு. கூடவே இருக்கும் தியானின் என்ற பொருளுக்கும் பங்கு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

ராமசாமி ஐயா: முப்பது வருஷமா ராத்திரி சாப்பிட்டதும் ஒரு காபி குடிச்சிட்டுத்தான் படுக்கிறேன். தலை சாஞ்சதும் தூக்கம். இந்தக் கணக்கெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது தம்பி.

வாசுகி: ஐயா, உங்களுக்கு அப்படி, எனக்கு நேர்மாறு. எப்போதும் மதியம் 3 மணிக்கு ஒரு காபி, ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. கர்ப்பமாக இருந்தபோது அதே காபி, அதே நேரம், ராத்திரி 1 மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். மனசு என்றால் அப்போது மட்டும் ஏன்?

செல்வி: வாசுகி, அது மனசு இல்லை, கல்லீரல். குடித்த காஃபீனில் பாதி கரைய ஒருவருக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது 15 மணி நேரம் வரை நீளும், அதை உடைக்கும் நொதி அந்தச் சமயத்தில் மந்தமாகிவிடுகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புகைபிடிப்பவர்களுக்கு மாறாக, சீக்கிரம் கரைந்துவிடும். கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. மற்ற பெரியவர்களுக்கு 400.

ராமசாமி ஐயா, உங்களுக்கு அது வேகமாகக் கரையலாம், உடம்பும் பழகியிருக்கலாம். ஆனால் தூங்கிவிட்டோம் என்பதும் நன்றாகத் தூங்கினோம் என்பதும் ஒன்றல்ல. 2013இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மி.கி. கொடுத்ததற்கே கருவி காட்டிய தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. குடித்தவர்கள் எழுதிய குறிப்பில் அந்தக் குறைவு சரியாகப் பதிவாகவில்லை. 400 என்பது பெரிய அளவு, உங்கள் ஒரு கோப்பைக்கு அது அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராமசாமி ஐயா: கருவி என்ன காட்டினாலும் காலையில எழுந்ததும் களைப்பு இல்லைன்னா எனக்கு அது போதும்மா. நான் மாத்தப்போறதில்லை.

குமரன்: செல்வி மேடம், 2 கிராம் என்பது உங்கள் கூடத்து அளவு. வீட்டில் யார் 2 கிராம் போடுகிறார்கள்? நிலவன், நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள்?

நிலவன்: சமையலறைத் தராசில் இப்போதுதான் வைத்துப் பார்த்தேன். என் கரண்டியில் குவியலாக ஒன்று எடுத்தால் 3 கிராம் காட்டுகிறது. இரண்டு கப்புக்கு இரண்டு கரண்டி, 6 கிராம். நல்ல நிறம் வரும் வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்க விடுவேன். முன்பு போட்ட காபித்தூள் 10 கிராம், பாக்கெட்டில் அரபிகா என்றே இருக்கிறது.

செல்வி: அப்படியென்றால் என் முதல் பதில் உங்கள் விஷயத்தில் தவறு, ஒப்புக்கொள்கிறேன். குமரன் கேட்டது நல்ல கேள்வி. 6 கிராமில் 3 சதவீதம் 180 மி.கி. பொடித்தூள், அவ்வளவு நேரக் கொதி என்றால் பெரும்பகுதி இறங்கிவிடும், 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். காபியில் உங்களுக்கு 100தான் கிடைத்தது. 7 மணிக்குக் குடித்த 140இல் 12 மணிக்கு 70 மிச்சம். சாதாரண டீ ஒன்றரைக் கப்பைக் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் கண்ணை இழுக்கும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்தி உட்கார்ந்துகொள்கிறது. களைப்பைப் போக்குவதில்லை, களைப்புச் செய்தி போய்ச் சேராமல் தடுக்கிறது. உங்கள் உடம்பு ஓய்ந்துதான் இருக்கும், மூளைக்குத்தான் அது எட்டவில்லை.

மணிமாறன்: அப்போ பால் நிறையச் சேர்த்தால் குறையுமா?

செல்வி: பால் காஃபீனை எடுத்துவிடாது. கோப்பையில் பாலுக்கு இடம் கொடுத்து டிகாக்ஷனைக் குறைத்தால் மட்டும் குறையும்.

வாசுகி: நிலவன், சாயங்காலம் கோகோவுக்கு மாறிப் பாருங்களேன். நான் அதில்தான் தப்பித்தேன்.

செல்வி: நல்ல யோசனை. 5 கிராம் கோகோத்தூளில் காஃபீன் 10 மி.கி. பக்கம்தான். தியோபுரோமின் என்ற அதன் உறவுப்பொருள் 100 மி.கி. இருக்கும், ஆனால் விழிக்கவைக்கும் வலு அதற்கு மிகக் குறைவு. வீட்டில் நாய் இருந்தால் மட்டும் கோகோ டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்குத் தியோபுரோமின் விஷம்.

குமரன்: கோகோ குடித்தாலும் சிலருக்குப் படபடப்பு வருகிறது மேடம். வலு குறைவு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

செல்வி: வருபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நிலவன், ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். பழகிய உடம்புக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும். காலைக் கோப்பையை விட்டுவிடாமல் சாயங்காலத்தை மட்டும் மாற்றுங்கள்.

நிலவன்: இன்று முதல் 7 மணிக்குக் கோகோ, டீ காலையில் ஒரு கரண்டி மட்டும், தராசில் நிறுத்து. பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.